ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கை கொடுங்கள்: கமலா அக்கா வீடு மாறுகிறார்கள்

அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் கமலா அக்கா குடும்பம் பசுண்டாங் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாம்வேக்குப் போகிறது. பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை சாமான் மாற்றுகிறோம். இருபது பேர் வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை நிற்கச் சொல்லவில்லை. ஆளுக்கு மூன்று மணி நேரம் கொடுத்தால் போதும்.

காரணம் பலருக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் முருகேசன் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீடு ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மொத்தம் 86 படி. போன வாரம் ஏறும்போது எண்ணிக்கொண்டேதான் ஏறினேன். ஆபரேஷன் முடிந்து வந்த அன்று நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அவரை மேலே தூக்கிப்போனோம். அதற்கப்புறம் அவர் தெருவில் கால் வைக்கவில்லை. வராந்தாவிலிருந்து தொங்குகிற கயிற்றில் பேப்பர் ஏறுகிறது, காய்கறிப் பை ஏறுகிறது, மனுஷன் மட்டும் இறங்க முடியவில்லை. தாம்வே வீடு தரைத்தளம், வாசலில் ஒரே ஒரு படி. அவருக்கு இப்போது அதுதான் அரண்மனை.

6ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். அதற்குக் குடும்பத்தார் மட்டும் போதும். அண்ணனைச் சனிக்கிழமை சாயங்காலமே கீழே இறக்கிவிடுவோம். சாமானும் ஆளுமாகப் படி அடைத்துக்கிடக்கிற நேரத்தில் அவரைத் தூக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்கு ஆள் ஏற்பாடு ஆகிவிட்டது.

இப்போது ஒரு பழைய கதை. முன்பு ஒருமுறை வேறொரு குடும்பத்துக்கு வீடு மாற்றப் போனோம். பத்து மணிக்குப் பதினெட்டு பேர் வந்தார்கள். ஒரே சிரிப்பும் கலாட்டாவுமாக ஒன்றரை மணி நேரத்தில் வீடு காலி. வண்டி புது வீட்டு வாசலில் போய் நின்றபோது இறக்க மூன்றே பேர், அதில் ஒருவன் நான். மற்றவர்கள் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்கள் யாருக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கவில்லை. அன்று இரவு எட்டு மணி வரை கட்டில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஏற்றுகிற இடத்துக்கு ஆள் தானாக வந்துவிடும். இறக்குகிற இடத்துக்குத்தான் ஆள் பஞ்சம். அதனால் இந்த முறை தாம்வேயில் நிற்கிறேன் என்று சொல்கிறவர்களின் பெயரைத்தான் முதலில் எழுதிக்கொள்வேன்.

நேரம் இப்படி. முதல் அணி காலை 6.30க்குப் பசுண்டாங்கில் இருக்க வேண்டும். பத்து பேர். அந்தத் தெரு எப்படி என்று தெரியும்: ஏழரைக்கு மேல் இரண்டு பக்கமும் கார் நின்றுவிட்டால் லாரி உள்ளே வராது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அக்கா சொல்லிவைத்திருக்கிறார்கள், வாசலுக்கு நேரே இரண்டு கார் இடத்தை அவர்கள் விட்டுத்தருவார்கள். பத்து பேர் என்று எண்ணியே கேட்கிறேன். படிக்கட்டு செங்குத்து, ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்க முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஏறி இறங்கினால் அரை மணி நேரத்தில் முட்டி கழன்றுவிடும். ஒரு மாடிக்கு இரண்டு பேர் என்று நின்ற இடத்தில் நின்று கைமாற்றிவிட்டால் யாரும் பதினேழு பதினெட்டு படிக்கு மேல் நகர வேண்டாம். பெட்டி மட்டும் இறங்கும். பேச்சுத் துணைக்கும் ஆள் இருக்கும்.

இரண்டாவது அணி, ஆறு பேர், 9 மணிக்குத் தாம்வேயில். லாரி இரண்டு நடை அடிக்கும். முதல் நடை ஒன்பதரைவாக்கில் வரும், இரண்டாவது பன்னிரண்டுக்குள். மூன்றாவது அணி நாலு பேர் மதியம் 1.30க்கு வந்தால் போதும்: கட்டில் பூட்டுவது, கொசுவலைக்கு ஆணி அடிப்பது, சமையல்கட்டை அடுக்குவது. அடுக்குகிற வேலைக்குப் பெண்கள் இருவராவது வந்தால் அக்காவுக்கு நிம்மதி. நான் அடுக்கினால் மிளகாய்த்தூள் எந்த டப்பாவில் என்று அடுத்த தை மாதம் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள்.

நாலு மணிக்கு எல்லாம் முடிய வேண்டும். ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்குள் கடைசிச் சாமான் வாசற்படி தாண்டிவிட வேண்டும் என்று பார்வதி பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், அந்த நேரத்தில் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாதாம். சரி, அதைச் சாப்பாட்டு நேரமாக வைத்துக்கொண்டோம். பாட்டிக்கும் திருப்தி, நமக்கும் பசி தீரும். இருட்டுவதற்குள் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். யாராவது இரவு தங்கினால் வார்டு அலுவலகத்தில் விருந்தாளிப் பதிவு போட வேண்டும், புது இடத்தில் முதல் நாளே அந்த அலைச்சல் எதற்கு?

சாமானைப் பற்றிச் சிலது சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை காலை பத்தரைக்கு மேல் பெட்டி கட்ட இரண்டு பேர் வந்தால் பெரிய உதவி. துணி, பாத்திரம், பாடப்புத்தகம் எல்லாம் அட்டைப்பெட்டியில் போகும். பெட்டியின் மேல் அறையின் பெயரைத் தமிழிலும் பர்மியத்திலும் எழுதிவிடுங்கள், லாரிக்காரர் தமிழ் படிக்க மாட்டார். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பாதீர்கள். அடி கிழிந்து நாலாவது மாடியில் திருக்குறள் சிதறும்.

பழைய தேக்கு அலமாரி படிக்கட்டில் திரும்பாது. அதையும் கட்டிலையும் வராந்தாவிலிருந்து கயிறு கட்டி இறக்க, அந்த வேலையே செய்கிற இரண்டு பேருக்குக் கூலி பேசியிருக்கிறோம். அவர்கள் கயிறு பிடிக்கும்போது நம்ம ஆட்கள் யாரும் அடியில் நிற்கக் கூடாது. போட்டோ எடுக்கக்கூடக் கூடாது. ஒருவர் தெருமுனையில் நின்று பிள்ளைகளையும் சைக்கிள்களையும் நிறுத்தினால் போதும்.

இன்வெர்ட்டர் பேட்டரி ஐம்பது கிலோவுக்குக் குறையாது. உள்ளே ஆசிட். சாய்க்காமல் நேராகத் தூக்க வேண்டும், தோளில் ஏற்றவே கூடாது. வயரை நான் முதல்நாளே கழற்றிவிடுகிறேன். ஃபிரிட்ஜையும் நிமிர்த்தியே கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்ததும் ஸ்விட்ச் போட்டுவிடாதீர்கள், சில மணி நேரம் ஆறட்டும்.

தையல் மிஷின் இரண்டு. மிதி மிஷின்தான் அக்காவின் சோறு. அதன் தலையையும் இரும்புக் காலையும் தனித்தனியாகக் கழற்றிக் கொண்டுபோவோம். தோல்வாரை எடுத்து அக்கா தன் கைப்பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். போனமுறை மிஷின் மாற்றியபோது வார் தொலைந்து, பத்து நாள் ஒரு ரவிக்கைகூடத் தைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

சாமி படங்களும் குத்துவிளக்கும் லாரியில் ஏறாது. பாட்டி மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வருகிறார்கள். உதவுகிறேன் என்று யாரும் கேட்காதீர்கள், நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தண்ணீர் விஷயம். கரண்ட் இல்லாத நேரத்தில் தாம்வே வீட்டில் மோட்டார் ஓடாது, ஞாயிறு எந்த நேரம் கரண்ட் இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் 9 மணி அணியில் ஒருவர் வந்ததும் முதல் வேலையாக டிரம்மை நிரப்பிவிட வேண்டும். குடிக்க 20 லிட்டர் பாட்டில் நாலு வாங்கிவைத்திருக்கிறோம். கட்டைச் செருப்போடு வராதீர்கள், பிடிப்புள்ள செருப்பு போட்டு வாருங்கள். பழைய துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். முதுகுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பெட்டி எண்ணிக்கை எழுத, லாரிக்குள் காவல் உட்கார, சாவிக்கொத்து வைத்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்.

சாப்பாடு. காலை அணிக்குத் தெருமுனைக் கடையிலிருந்து மொகிங்காவும் டீயும் ஏழரைக்குப் படிக்கட்டுக்கே வரும். மதியம் தாம்வேயில் எல்லோருக்கும் சோறு: கோழிக்குழம்பு, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், அப்பளம். பாட்டியின் தங்கை சமைக்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், தனிப் பாத்திரத்தில் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறோம். லாரி வாடகை, கூலி எல்லாம் குடும்பமே கொடுக்கிறது. யாரும் பணம் நீட்ட வேண்டாம். பஸ்ஸில் வருகிற மாணவர்களுக்குப் போக வரச் செலவை நான் தருகிறேன், கேட்க யோசிக்காதீர்கள்.

நன்றி சொல்வதைப் பற்றி அக்காவுக்கும் எனக்கும் ஒரு சின்னச் சண்டை. ஆளுக்கு ஒரு கவர் கொடுக்கிறேன் என்றார்கள். கவர் கொடுத்தால் அடுத்த முறை ஒருவரும் வர மாட்டார்கள், கூலிக்கு வந்த மாதிரி ஆகிவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம், "சரி தம்பி, ஆளுக்கு ஒரு லுங்கி மூட்டித் தாரேன். துணி மட்டும் கொண்டாரச் சொல்லு" என்றார்கள். அதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஆகவே வருகிற ஒவ்வொருவரும் ஒரு லுங்கித் துணியோ தமேய்ன் துணியோ ஒரு மடிப்புப் பேப்பரில் பெயர் எழுதிச் சுற்றிக் கொண்டுவாருங்கள். அந்த மூட்டைக்கு ஒரு சிவப்புப் பை வைத்திருக்கிறேன். பிப்ரவரி 28, சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் புது வீட்டில் தைத்த லுங்கி தயாராக இருக்கும். அன்று அத்தோவும் டீயும் உண்டு. ஞாயிறு வர முடியாதவர்களும் அன்று வாருங்கள். முருகேசன் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

பசுண்டாங்கில் பக்கத்து வீடுகளுக்குக் கிளம்பும் முன் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கப் போகிறார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கீழ்வீட்டு டோ ச்சி இப்போதே அழத் தொடங்கிவிட்டார். யாராவது அந்தக் கிண்ணங்களைப் படியில் கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லது. பர்மியப் பேச்சு நன்றாக வருகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

4ஆம் தேதி புதன்கிழமைக்குள் எனக்குப் பதில் எழுதுங்கள். பெயர், எந்த நேரம் (6.30, 9, அல்லது 1.30), சைவமா அசைவமா, இந்த மூன்று போதும். வருவதாகச் சொல்லிவிட்டு முடியாமல் போனால் சனிக்கிழமை இரவுக்குள் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். சொல்லாமல் விட்டால்தான் இரண்டாவது மாடியில் ஒரு ஆள் குறைந்து பெட்டி தொங்கும்.

இதுவரை தாம்வேக்கு மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும்.

உங்கள்,
கணேசன்

பி.கு.: பூனை பெட்டிக்குள் போகாது என்று பாட்டி சொல்கிறார்கள். பூனையைப் பிடித்துப் பழக்கமுள்ளவர் ஒருவர் 6.30 அணியில் கட்டாயம் வேண்டும். என்னை அது இரண்டு முறை பிறாண்டிவிட்டது.