முள்ளிமுனை பாசி வேலை: பேசியதெல்லாம் ஒரே வரிசையில்

மகளே, கடலில் மூங்கில் மிதவை கட்டி பெப்சி பாசி என்கிற கடல்பாசியை வளர்ப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மூணு ராத்திரி போன்ல பேசியதை, குழுவில் மத்த நாலு பேருக்கும் வாசித்துக் காட்ட எழுதிக் கேட்டாய். பேசின வரிசையில் எழுதினால் குழம்பும். செய்யவேண்டிய வரிசையில் போட்டிருக்கிறேன். ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொன்ன இடங்களில் கடைசியாகச் சொன்னதுதான் கணக்கு. காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது.

பணம் போடுவதற்கு முன்

1. முதலில் இடம். பெப்சி பாசியை மன்னார் வளைகுடாப் பக்கம் கட்டக்கூடாது. குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் அது ஏறிப் படர்ந்த கதை உனக்கே தெரியும். உங்கள் ஊர் பாக் நீரிணைப் பக்கம் என்பதால் தடை இல்லை. ஆனாலும் எந்த இடத்தில் கட்டுகிறீர்கள் என்று மீன்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

2. காரங்காட்டு முகத்துவாரத்தை விட்டுத் தள்ளியே இருங்கள். மழைக்காலத்தில் கோட்டக்கரையாற்றுத் தண்ணீர் இறங்கினால் உப்பு குறையும், பாசி வெளுத்துவிடும். கடல்புல் அடர்ந்த தரை மேலும் மிதவை வேண்டாம், நிழல் விழுந்து புல் சாகும். வத்தமான நேரத்திலும் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கிற இடம்தான் சரி.

3. ஊர்க் கூட்டத்தில் சொல்லி, வள்ளம் போகிற வழியை முன்னாலேயே கேட்டு ஒதுக்குங்கள். இதை நீ கடைசியில் கேட்டாய், நான் மேலே கொண்டுவந்திருக்கிறேன். பாசியால் வந்த சண்டையைவிட வழியால் வந்த சண்டைதான் இந்தக் கரையில் அதிகம்.

4. மானியம்: மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40. பணம் கையில் வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்கவேண்டாம். அது வந்தால் அடுத்த வருஷத்து மூங்கிலுக்கு ஆகட்டும்.

எத்தனை மிதவை

5. முதல் ராத்திரி ஆளுக்கு 45 என்று சொன்னேன். எங்கள் பக்கத்துக் கணக்கு அது: நாளுக்கு ஒன்று கட்டினால் 46-ஆம் நாளிலிருந்து நாளுக்கு ஒன்று அறுக்கலாம். உங்களில் இரண்டு பேருக்குக் கைக்குழந்தை என்று மறுநாள்தான் சொன்னாய். அதனால் ஆளுக்கு 15, மூணு நாளைக்கு ஒன்று. சுற்று அதே 45 நாள், வேலை மூன்றில் ஒரு பங்கு. ஐந்து பேருக்கும் சேர்த்து 75.

6. அந்த 75-ஐயும் ஒரே மூச்சில் கட்டாதீர்கள். ஒரு மிதவைக்கு விதைப்பாசி 60 கிலோ வேண்டும். 75-க்கு 4,500 கிலோ விலைக்கு வாங்கினால் கடன்தான் மிச்சம். முதலில் ஆளுக்கு இரண்டு, மொத்தம் 10 மிதவை, 600 கிலோ. நல்லபடியாக வளர்ந்தால் 45 நாளில் ஒரு மிதவை 250 கிலோ வரை தரும், அதாவது நாலு மிதவைக்கு விதை. 10 என்பது 40 ஆகும். அக்னி வெயில் கழிகிறவரை 40-லேயே நில்லுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் காற்றில்லாமல் தண்ணீர் சூடாகும்போது பாசிக்கு நோய் வரும். 75-க்குப் போவது ஜூனில்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன் என்று உன் மாமியார் சொன்னதாகச் சொன்னாய். இருக்கட்டும். உங்கள் கரைத் தரை சேறு, எங்கள் தரை மணல். எங்கள் கணக்கு அங்கே செல்லுமா என்று அந்த 10 மிதவைதான் சொல்லும்.

7. தொடங்குவது வாடைக்காற்று அடங்கிய பிறகு, தை கடைசியில். கடைசி அறுப்பு செப்டம்பரில். அக்டோபரில் கடலில் மிதவை கிடந்தால் அது வாடைக்குத்தான்.

மிதவை கட்டுதல்

8. 12 அடி மூங்கில் நாலு, மூலைக்குக் குறுக்கே 4 அடித் துண்டு நாலு. முற்றின மூங்கிலாகப் பாருங்கள். ஒரு மிதவைக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை. இப்படித்தான் அந்த 60 கிலோ வருகிறது.

9. அடியில் பழைய வலை கட்டாயம். இல்லையென்றால் ஓரா மீன் கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போகும்.

10. பத்து மிதவையைச் சேர்த்துக் கட்டி, 15 கிலோ ஐந்து பல் நங்கூரம். மூலைகளில் கொடியும், ராத்திரி வள்ளக்காரன் கண்ணில் படுகிற மாதிரி வெள்ளை மிதவையும்.

11. விதையை வாங்கும்போது நுனியைக் கிள்ளிப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் நல்லது, கொழகொழவென்றால் வேண்டாம். ஈரச்சாக்கு போட்டு மூடி, அதே நாளில் கட்டிவிடவேண்டும். வண்டியில் வெயில் படக்கூடாது, மழையும் படக்கூடாது.

தினம் பார்ப்பது

12. கயிறு கயிறாகத் தூக்கி உதறுங்கள். எங்களுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும், உங்களுக்குச் சேறு படியும் என்பதால் தினமும். கொட்டலசு ஒட்டியிருந்தால் சுரண்டிவிடுங்கள், வேற்றுப்பாசி சுற்றியிருந்தால் பிய்த்தெடுங்கள்.

13. கிளை வெளுத்து ஐஸ் மாதிரி ஆனால் அந்தப் பகுதியை உடனே வெட்டி, கூடையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கடலிலேயே வீசினால் பக்கத்து மிதவையிலும் அதையே பார்ப்பீர்கள். மூணு நாலு மிதவையில் ஒன்றாக வந்தால் யோசிக்காமல் எல்லாவற்றையும் அறுத்துக் காயவையுங்கள். 2013-க்குப் பிறகு இந்தக் கரையில் பாசி கொத்துக் கொத்தாகச் செத்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்கு விதைகூட மிஞ்சவில்லை.

14. கையுறை, ரப்பர் செருப்பு, முழுக்கைச் சட்டை. சொறிமீன் பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். ஒற்றை ஆளாக யாரும் இறங்கவேண்டாம்.

அறுப்பு, காயவைத்தல், விற்பனை

15. ஒரு மிதவையில் அறுத்த 250 கிலோவில் முதல் 60 கிலோ விதைக்கு. நுனிப்பகுதி, இளசு, அதுதான் விதை. பணத்தேவை எவ்வளவு இருந்தாலும் இதில் கை வைக்காதீர்கள்.

16. மீதி 190 கிலோ காய்ந்தால் 19 கிலோ. பத்துக்கு ஒன்று. பச்சை எடையைப் பார்த்து மனசில் வீடு கட்டாதே என்று நான் சொன்னது இதற்குத்தான்.

17. மணலில் காயப்போடாதீர்கள். சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலை விரித்த பரண் போதும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். மழைத் தண்ணீர் பட்டால் தரம் போய்விடும், தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கட்டும். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

18. முன்பணம் தருகிற வியாபாரியிடம் விலை பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஈரப்பதம் எவ்வளவு இருந்தால் எவ்வளவு கழிப்பார், யார் தராசு, எத்தனை நாளில் பணம்: இந்த மூன்றையும் தாளில் வாங்குங்கள். இரண்டு பேரிடமாவது விலை கேட்டபிறகே முதல் சாக்கு போகவேண்டும்.

19. கணக்கு நோட்டு ஒன்று. மிதவைக்கு எண், கட்டிய தேதி, அறுத்த தேதி, பச்சை எடை, காய்ந்த எடை. உங்களில் பத்தாவது படித்தவள் எழுதட்டும், அவளுக்கு அந்த வேலைக்கான கூலியும் கொடுங்கள்.

20. விபத்துக் காப்பீட்டில் ஐந்து பேர் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று மீன்துறையில் கேளுங்கள். மீனவர் திட்டத்தில் உயிரிழப்புக்கு 5 லட்சம். ஆதாரில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகப் பெயரும் ஒன்றாக இல்லாத இரண்டு பேர் இந்த வாரமே சரிசெய்துகொள்ள வேண்டும்.

விட்டுப்போனது ஒன்றுதான்: நங்கூரத்தை வாங்குவதா, இங்கே பட்டறையில் அடிப்பதா என்று கேட்டாயே. விலை கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன். அதுவரை மூங்கிலுக்கு முன்பணம் கொடுக்காதே.

சித்தி
தங்கச்சிமடம்