மதில் விழுந்து பக்கத்து வீட்டுக் கொட்டில் சேதம் – கிளைம் அறிவித்தல்

28.11.2024
கோண்டாவில்

கிளைம் பகுதிக்கு,

வணக்கம் சேர், என்ர வீட்டுப் பொலிசி நம்பர் 40718/24, மூன்றாம் தரப்பு பொறுப்பு 10 லட்சம் வரைக்கும் சேர்த்து எடுத்தது. நேற்று உங்கட ஹொட்லைனுக்கு அடிச்சுச் சொன்னனான், அவை மெயிலிலயும் எழுதித் தரச் சொன்னவை, அதுதான் இது. இதையே முறைப்படியான அறிவித்தலா எடுத்துக்கொள்ளுங்கோ.

நேற்று புதன்கிழமை (27.11) விடியக்காலமை நாலரை மட்டில எங்கட மேற்குப் பக்க மதில் பக்கத்து வீட்டு வளவுக்குள்ள சாஞ்சு விழுந்திட்டுது. ஏ.எல் சோதனையையே நிப்பாட்டி வைக்கிற அளவு மழை எண்டு உங்களுக்கும் தெரியும்தானே, எங்கட ஒழுங்கை வாய்க்கால் முதல் நாள் பின்னேரமே நிரம்பி வளவுக்குள்ள முழங்காலளவு தண்ணி நிண்டது. மதில் 6 அடி உயரம், சீமெந்துக் கல்லில 2011ல கட்டினது, மொத்தம் 90 அடி நீளத்தில கிட்டத்தட்ட 40 அடி விழுந்திருக்கு. கல்லுக் கல்லா உதிரேல்ல, பூசினபடியே பலகை மாதிரி அப்பிடியே படுத்திட்டுது, ரெண்டு தூண் அடியோட முறிஞ்சு கம்பி வெளிய தெரியுது. ஏன் விழுந்தது எண்டு நான் முடிவு சொல்லேல்ல, உங்கட ஆள் வந்து அத்திவாரத்தைப் பாத்துச் சொல்லட்டும். ஆனா பாக்காமலே ஒபிஸில இருந்துகொண்டு வெள்ளம் எண்டு ஒரு வரியில எழுதி முடிச்சுப் போடாதேங்கோ.

ஆருக்கும் காயமில்லை, அந்த நேரம் கொட்டிலுக்குள்ள ஆரும் இல்லை, முருகன் காப்பாத்தினது.

விழுந்தது பக்கத்து வீட்டு அண்ணையின்ர தகரக் கொட்டிலுக்கு மேல, 12 அடிக்கு 15 அடி வரும். கூரை ரெண்டா மடிஞ்சு கிடக்கு, பனஞ்சலாகை நாலு முறிஞ்சிருக்கு. அவர் தோட்டக்காரர், கொட்டிலுக்குள்ளதான் எல்லாம் வச்சிருந்தவர்: வோட்டர் பம்ப் (மேல்மூடி வெடிச்சு ஒயில் ஊத்துண்டு கிடக்கு), மருந்தடிக்கிற மிசின், சைக்கிள் ஒண்டு. எல்லாத்தையும் விட முக்கியம், வளையில கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயம். பாதி கல்லுக்கு அடியில, மிச்சம் மழையில நனைஞ்சு போச்சு. ஈரம் பட்ட விதை வெங்காயம் நாலைஞ்சு நாளில அழுகத் தொடங்கும், பிறகு உங்கட ஆள் வந்து எவ்வளவு இருந்தது எண்டு கேட்டா காட்டுறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. மழை விட்டவுடன நடவேண்டிய விதை அது. அதாலதான் கெதியா வாங்கோ எண்டு கேக்கிறன்.

அவர் வாயால சொன்ன கணக்கு எல்லாம் சேர்த்து நாலு லட்சம் மட்டில வரும் எண்டு. எழுத்தில இன்னும் ஒண்டும் தரேல்ல, தந்தா பதில் போடாமல் அப்பிடியே உங்களுக்கு அனுப்புவன். நான் பொறுப்பு எண்டோ காசு தாறன் எண்டோ அவருக்குச் சொல்லேல்ல, பொலிசியில அப்பிடிச் சொல்லக்கூடாது எண்டு போட்டிருக்கு, இன்சூரன்ஸுக்கு அறிவிக்கிறன் எண்டு மட்டும்தான் சொன்னனான். உங்களுக்கு இது ஒரு பைல், எனக்கு விடிஞ்சா முழிக்கிற முகம் சேர். அந்தாள் சத்தம் போட்டிருந்தாலும் பரவாயில்லை, வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வெங்காயத்தைப் பற்றி மட்டும் கதைச்சிட்டுப் போனவர்.

மிச்ச மதிலில ஒரு 15 அடியும் அவரின்ர பக்கம் சரிஞ்சுதான் நிக்குது. மேசனைப் பிடிச்சு சலாகையால மிண்டு குடுத்து கயிறும் கட்டியிருக்கிறன், கிட்டப் போகவேண்டாம் எண்டு அவையின்ர பிள்ளையளுக்கும் சொல்லியாச்சு. மேசன் கூலி, சலாகைக்காசு 14,500 ரூபா, பில் இருக்கு. விழுந்த கல்லை ஒண்டும் அசைக்கேல்ல. பொலிஸில என்ட்றி போட்டாச்சு, ஜீ.எஸ். நேற்றுப் பின்னேரம் வந்து பாத்தவர், கடிதம் திங்கட்கிழமை தாறன் எண்டவர். போட்டோவும் ரெண்டு வீடியோவும் இதோட இணைச்சிருக்கிறன், விடிஞ்சவுடன ஆரும் தொட முந்தி எடுத்தது.

இதுகளுக்கு எழுத்தில பதில் வேணும்: மதிப்பீட்டாளர் எண்டைக்கு வாறார், அவர் வரமுந்தி போட்டோ எடுத்து வச்சிட்டு வெங்காயத்தையும் பம்பையும் மட்டும் வெளிய எடுக்க அண்ணையை விடலாமோ, மிண்டு குடுத்த காசு கிளைமுக்குள்ள வருமோ. என்ர மதிலைத் திருப்பிக் கட்டுறது வேற விசயம், பொறுப்புக் காப்புறுதிக்குள்ள அது வராது எண்டு தெரியும், வீட்டுப் பகுதியில மதிலும் சேர்த்திருக்கோ எண்டு பாத்துச் சொன்னால் அதுக்குத் தனியா போர்ம் நிரப்பித் தாறன்.

வெங்காய விசயத்துக்கு மட்டும் நாளைக்குள்ள ஒரு கோல் எடுத்தாலும் காணும், பொலிசியில இருக்கிற நம்பர்தான் இப்பவும். வாறவர் கோண்டாவில் சந்திக்கு வந்து அடிச்சால் நான் வந்து கூட்டிக்கொண்டு போறன், ஒழுங்கைக்குள்ள இன்னும் தண்ணி நிக்குது, கார் வராது.

இப்படிக்கு,
த. குகநேசன்
(பொலிசி உரிமையாளர்)