அக்கா வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம்

கோவில்பட்டி

அன்புள்ள அக்கா, அத்தான், பெரியவன், குட்டி எல்லோருக்கும்,

தீபாவளி வாழ்த்துகள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கருப்பட்டி மிட்டாயை எடுத்துவிடு அக்கா. மேலே வாழைநாரால் கட்டியிருக்கிற பொட்டலம் அதுதான். பர்மிங்காம் வந்துசேர ஒரு வாரம் ஆகும் என்று கூரியர் கடையில் சொன்னார்கள், அது அதற்கு மேல் ரொம்ப நாள் தாங்காது. அன்றைக்கே நாலு பேருமாகத் தின்று தீர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் இருந்து சாப்பிடலாம்.

பால் சேர்ந்த எதையும் இங்கிலாந்துக்கு அனுப்பக் கூடாதாம். நீ கேட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அதனால்தான் வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம். தீபாவளி லேகியத்தைக்கூட இந்தத் தடவை நெய் இல்லாமல் நல்லெண்ணெய் விட்டே கிண்டினாள். வாசனை கொஞ்சம் வேறாக இருக்கும், காரம் அதே காரம்தான். சுண்டைக்காய் அளவுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே.

எவர்சில்வர் டப்பாவில் இருப்பது முந்திரிக்கொத்து. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் செய்தேன். பாசிப்பயறு வறுத்தது, திரித்தது எல்லாம் சுலபமாகப் போய்விட்டது. தேங்காய்க்குத்தான் என்னை விடவில்லை. நான் போதும் என்று சட்டியை இறக்கப் போகும்போதெல்லாம், “இன்னும் செவக்கட்டும்ட்டீ, கடல் தாண்டிப் போற பலகாரம், ஈரம் இருந்தா கெட்டுப்போகும்” என்று திரும்ப அடுப்பில் ஏற்ற வைத்தாள். கடைசியில் ஒரு பல்லை எடுத்து விரலால் நொறுக்கிப் பார்த்து, பொடியாக உதிர்ந்த பிறகுதான் தலையாட்டினாள். கருப்பட்டிப் பாகு விட்டதும் சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும் இல்லையா, அப்போது மட்டும் அவளும் தாம்பாளத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள் உருட்டியது எல்லாம் ஒரே அளவில் இருக்கும், பார்த்தாலே உனக்குத் தெரியும். அதில் இரண்டைப் பிள்ளைகளுக்கு உன் கையால் கொடு. ஆச்சி செய்தது என்று சொல்லிக் கொடு. குட்டி ஆச்சியைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். ஆச்சி கைப்பக்குவமாவது அவள் நாக்குக்குத் தெரியட்டும் என்று அம்மா சொன்னாள், எனக்கும் அதுதான் ஆசை.

டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கல்லாகிவிடும். ஈரக்கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

கடலை மிட்டாய் அப்பா வேலை. காலையிலேயே கடைக்குப் போய், அன்றைக்கு வெட்டியதுதான் வேண்டும் என்று நின்று வாங்கிவந்தார். 2020-ல் நம்ம ஊர் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை, கேட்காதவர்களுக்கும் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்டியதும் அவர்தான். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடலை ஆகாது என்று முன்பு சொன்னாயே, பெரியவன் பையில் போட்டுக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள். அக்கம்பக்கத்தில் கொடுத்தாலும் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டுக் கொடு.

அத்தான், சாத்தூர் காராச்சேவு உங்களுக்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போன தடவை ஊருக்கு வந்தபோது மிளகும் பூண்டும் மணக்கிற அந்தப் பொட்டலத்தை நீங்கள் விடவே இல்லை என்று அம்மா நினைவு வைத்திருக்கிறாள். போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு போட்டு வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டீர்கள். அப்பா அதை வெளியில் சொல்லமாட்டார், ஆனால் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்பது எங்களுக்குத் தெரியும். ரொம்ப நன்றி அத்தான்.

அப்புறம் ஒன்று. தீபாவளியன்று விடியற்காலை நாலரைக்கு நாங்கள் எண்ணெய் தேய்க்க உட்காரும்போது உங்களுக்கு முந்தின நாள் இரவு பதினொரு மணிதான் ஆகியிருக்கும். பிள்ளைகள் தூங்கினால் எழுப்ப வேண்டாம். நீ மட்டும் விழித்திருந்து வீடியோவில் வா. அம்மா உன் உச்சியில் வைக்க வேண்டிய எண்ணெயை என் தலையில்தான் வைப்பாள், நீ பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் திருப்தி. உங்கள் காலையில் பிள்ளைகள் எழுந்ததும் இன்னொரு முறை கூப்பிடுங்கள், புதுச்சட்டை போட்டுக் காட்டச் சொல்.

பெட்டி வந்ததும் ஒரு வார்த்தை அனுப்பு. ஏதாவது நொறுங்கியிருந்தாலும் மறைக்காமல் சொல், பொங்கலுக்கு அனுப்பும்போது வேறு மாதிரிக் கட்டுகிறேன்.

அன்புடன்,
தங்கச்சி

அம்மா சொல்லச் சொன்னது: காலி எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஊருக்கு வரும்போது கொண்டுவா.