செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவது தொடர்பாக

உப்புவெளி, திருகோணமலை
08.03.2026

தலைவர் அண்ணாவுக்கும், நிர்வாக சபை உறுப்பினர்களுக்கும், நமது சனசமூக நிலையத்தின் எல்லா அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மார்ச் 31ஆம் திகதியோடு செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். அம்மாவுக்கு டயலிசிஸ் தொடங்கிவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், முடியும்வரை பக்கத்தில் இருந்து, வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வேலைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. செயலாளர் வேலை தள்ளிப்போடக்கூடிய வேலை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பிரதேச செயலகத்திலிருந்து வரும் கடிதத்துக்கு உரிய திகதிக்குள் பதில் போகாவிட்டால் கிடைக்க வேண்டிய உதவியே கைநழுவிப் போகலாம், அதனால் பெயருக்கு நான் இருப்பதைவிட நேரமுள்ள ஒருவர் வருவதுதான் நல்லது.

காரணம் இவ்வளவுதான். பெப்ரவரிக் கூட்டத்தில் வாசிகசாலைக் கூரையா, சித்திரை விளையாட்டு விழாவா என்று சத்தமாகவே பேசிக்கொண்டோம், அதற்குப் பிறகு இந்தக் கடிதம் வருவதால் சிலர் இரண்டையும் முடிச்சுப் போடக்கூடும். கூரைதான் முதலில் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கையுயர்த்தி முடிவெடுத்த பிறகு அது எல்லாருடைய முடிவு, என்னுடையதும்தான், கூட்டறிக்கையில் அதை எழுதியதும் நான்தான். அன்றைக்கு என்னோடு கடுமையாக எதிர்த்துப் பேசிய தம்பிதான் அடுத்த கிழமை விடியவே ஓட்டோவோடு வந்து அம்மாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார், காசும் வாங்கவில்லை. ஆகவே "அக்கா மனம் நொந்துதான் போகிறா" என்று யாராவது சொன்னால், அப்படி இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். பொருளாளர் அக்கா, ஐம்பது ரூபாய்ச் சந்தாவுக்கும் பற்றுச்சீட்டு எழுதாமல் விட்டதில்லை, நம் கணக்கைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொல்லாததற்கு அவதான் காரணம். மார்கழி மழையில் வாசிகசாலைக்குள் தண்ணீர் வந்த இரவு, கூப்பிடாமலே வந்து புத்தகங்களை மேசைகளில் ஏற்றிவைத்த பொடியன்மார், அவர்களில் பாதிப் பேர் அடுத்த நாள் விடியப்புறம் கடலுக்குப் போக வேண்டியவர்கள். மாலை வகுப்பை ஒரு சதமும் வாங்காமல் நடத்தும் ஓய்வுபெற்ற டீச்சர். அப்புறம் ஜமாலியாவிலிருந்து கதிரைகளை ஏற்றிவர எப்போது கேட்டாலும் வேன் தந்த நானா, சிங்களத்தில் கடிதம் போக வேண்டிய நேரமெல்லாம் உட்கார்ந்து எழுதித் தந்த பக்கத்து ஒழுங்கை ஐயா. இவர்கள் நிர்வாக சபையில் இல்லை, ஆனால் இவர்கள் இல்லாமல் நிலையம் நடந்திருக்காது. தலைவர் அண்ணா, கூட்டத்தில் நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து அடுத்த விஷயத்துக்குப் போவீர்கள், அது எனக்கு எவ்வளவு உதவி என்று இதுவரை சொன்னதில்லை.

இனி ஒப்படைப்பு. கூட்டறிக்கைப் புத்தகம், அங்கத்தவர் பதிவேடு, கடிதக் கோப்புகள், முத்திரை, அலுமாரித் திறப்பு எல்லாவற்றையும் வரும் ஞாயிறு, 15ஆம் திகதிக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், பட்டியல் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்துக்கொள்வோம். அதே கூட்டத்தில் புதிய செயலாளரைத் தெரிவுசெய்து தீர்மானத்தை எழுதிவிட்டால் நல்லது, ஏனென்றால் காசோலையில் என் கையொப்பத்தை மாற்ற வங்கி அந்தத் தீர்மானத்தின் பிரதியைத்தான் கேட்கும். பிரதேச சபைக்கும் கிராம சேவகருக்கும் மாற்றத்தை அறிவிக்கும் கடிதங்களை எழுதி வைத்திருக்கிறேன், பெயரை மட்டும் சேர்த்தால் சரி. இதைச் சித்திரைக்குப் பிறகு பார்ப்போம் என்று மட்டும் விடாதீர்கள், மே மாதம் சீசன் தொடங்கினால் நம்மில் பலர் ஹோட்டல் வேலையில் நிற்பார்கள், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாடு.

அடுத்தவர் யார் என்று என்னிடம் சிலர் தனியாகக் கேட்டார்கள். நான் ஒரு பெயரும் சொல்லப்போவதில்லை. சொன்னால் வருகிறவர் என்னுடைய ஆள் ஆகிவிடுவார், அவர் உங்கள் எல்லாருக்கும் பொதுவான ஆளாகத்தான் வர வேண்டும். யாராக இருந்தாலும் ஜூன் வரை சந்தேகம் கேட்க எனக்கு எடுக்கலாம், இரவு எட்டு மணிக்குப் பிறகு என்றால் நல்லது. அவர் முடிவெடுக்கும் இடத்தில் நான் தலையிட மாட்டேன்.

அங்கத்தவராகத் தொடர்ந்து இருப்பேன், இந்த வருடச் சந்தாவைப் பொருளாளர் அக்காவிடம் கட்டிவிட்டேன். விளையாட்டு விழாவில் சின்னப் பிள்ளைகளின் ஓட்டத்துக்குப் பெயர் பதிய ஆள் தேவை என்றார்கள், அம்மாவுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரி இல்லையென்றால் அந்த மேசையில் நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் செயலாளர்