முகமது பின் துக்ளக்: எதற்காகச் சிரிக்கிறோம்?

காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றும் அதிகாரி யாராக இருந்தாலும் நம் ஊரில் ‘துக்ளக் தர்பார்’ என்று சொல்லிவிடுவோம், 1970இல் சோ தன் பத்திரிகைக்கே அந்தப் பெயரை வைத்தார். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் ‘பேர் கெட்ட ஓர் அரசர்’ பற்றி ஆளுக்கொரு கட்டுரை என்று முடிவானதும் நான் முகமது பின் துக்ளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். 1325 முதல் 1351 வரை டெல்லியில் ஆண்ட இந்த மனிதரைப் பார்த்து நாம் சிரிக்கிற விஷயங்கள் ஒரு பக்கம், அவர் உண்மையிலேயே செய்த கேடுகள் இன்னொரு பக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சாட்சிகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்தக் காலத்தைப் பற்றி எழுதிவைத்த மூன்று பேர்தான் பெரும்பாலும் இந்தப் பெயரைச் செதுக்கியவர்கள். ஜியாவுதீன் பரணி பதினேழு வருடம் சுல்தானின் அவையில் கூடவே இருந்தவர். ஆனால் எழுதியது அடுத்த சுல்தான் பிரோஸ் ஷா காலத்தில், பதவி போய், வறுமையில். போதாக்குறைக்கு உயர்குலத்தவர் மட்டுமே ஆள வேண்டும் என்பது அவர் கொள்கை, சுல்தானோ நாவிதர், தோட்டக்காரர், நெசவாளர் குடும்பத்து ஆட்களுக்கெல்லாம் பதவி கொடுத்தவர். இசாமி 1350இல் எழுதினார், அதுவும் துக்ளக்கை எதிர்த்துத் தனி அரசு அமைத்த பாமினி சுல்தானின் நிழலில். மூன்றாமவர் மொராக்கோக்காரர் இபின் பதூதா. 1334இல் டெல்லி வந்து, அங்கே காஜி என்ற நீதிபதி பதவியும் வாங்கி, ஊர் திரும்பிய பிறகு பயமில்லாமல் சொன்னவர், கதை சொல்வதில் கொஞ்சம் தாராளமும் உண்டு.

சரி, டெல்லியிலிருந்து தெற்கே தௌலதாபாத்துக்குத் தலைநகர் மாற்றம். மக்கள் மொத்தப் பேரையும் டெல்லியிலிருந்து விரட்டி, ஒரு குருடரைக் காலைக் கட்டி இழுத்துப்போய், தௌலதாபாத்தில் கால் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது என்று பாடப்புத்தகம் வரை வந்த கதையைச் சொன்னது இபின் பதூதா. அவர் டெல்லி வரும்போது சம்பவம் நடந்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது, ஆக அது காதில் விழுந்த கதை. பரணி நாயும் பூனையும்கூட மிஞ்சவில்லை என்கிறார். ஆனால் 1328ஆம் வருடத்து சர்பான் கல்வெட்டு, சமஸ்கிருதத்தில், டெல்லியைப் புகழ்ந்து, வணிகர்கள் அங்கே கிணறு வெட்டியதைச் சொல்கிறது. 1330 வாக்கில் டெல்லி நாணயச் சாலையில் காசு அடித்துக்கொண்டும் இருந்தார்கள். காலியான ஊரில் யாருக்குக் கிணறு? போனவர்கள் பெரும்பாலும் பிரபுக்கள், அதிகாரிகள், அறிஞர்கள், சூஃபிகள், அவர்களை நம்பியிருந்தவர்கள்.

காரணமும் கிறுக்குத்தனமானது அல்ல. வாரங்கல்லும் மதுரையும் புதிதாகக் கைக்கு வந்திருந்தன, தெற்கை நாற்பது நாள் பயண தூரத்திலிருந்து ஆள முடியாது. அதற்காக அது கொடுமை இல்லை என்று ஆகிவிடாது. இசாமியின் தாத்தா, தொண்ணூறு வயதுக் கிழவர், வீட்டைவிட்டு இழுக்கப்பட்டு முதல் தங்கலிலேயே, தில்பத்தில், இறந்துபோனார். இசாமியின் கோபத்தைக் கழித்துக்கொள்ளலாம், தாத்தாவைக் கழிக்க முடியாது.

அடுத்தது செப்புக் காசு. வெள்ளித் தட்டுப்பாட்டுக் காலத்தில் செம்பு, பித்தளைக் காசுக்கு வெள்ளி டங்காவின் மதிப்பு என்று அறிவித்தார். சீனாவில் காகிதப் பணம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது, பாரசீகத்தில் 1294இல் முயன்று தோற்றிருந்தார்கள். யோசனை சரி, காவல்தான் இல்லை. அரசு அடித்ததற்கும் தட்டான் அடித்ததற்கும் வித்தியாசம் தெரியாத காசு என்றால் கள்ளக் காசு வராமல் என்ன செய்யும்? (இந்துக்கள் வீடெல்லாம் நாணயச் சாலை ஆனது என்று பரணி எழுதியதில் அவருடைய வெறுப்பும் கலந்திருக்கிறது.) சில வருடத்தில் திட்டத்தை நிறுத்தி, கொண்டுவந்த காசுக்கெல்லாம் வெள்ளி கொடுத்தார்கள், துக்ளகாபாத் கோட்டையில் செப்புக் காசு குவியல் குவியலாகக் கிடந்ததாம். கஜானாவுக்கு இது பெரிய அடி, நிர்வாகத் தோல்வி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் தான் வெளியிட்ட பணத்துக்குத் தானே பொறுப்பேற்ற அரசு என்று பார்த்தால் அவ்வளவு சிரிப்பு வரவில்லை. அவருடைய தங்க, வெள்ளி நாணயங்களின் அழகைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டு நாணய ஆய்வாளர் எட்வர்ட் தாமஸ் அவரை நாணயம் அடிப்பவர்களின் இளவரசன் என்றார்.

அவருக்கு நல்ல பக்கமும் இருந்தது. தத்துவமும் தர்க்கமும் படித்தவர், ஜைனத் துறவி ஜினபிரப சூரியைக் கூப்பிட்டு மரியாதை செய்தவர். ஓர் இளைஞனைக் காரணமில்லாமல் அடித்ததற்காக காஜி முன் வந்து, அவன் கையால் 21 அடி வாங்கிக்கொண்டார், தலைக் குல்லாகூட விழுந்தது, அதைத் தானே பார்த்ததாக இபின் பதூதா சொல்கிறார். பஞ்சத்தில் டெல்லிக்காரர்களுக்கு ஆறு மாதத்துக்குத் தானியம் கொடுத்தார், உழவர்களுக்குக் கடன் கொடுத்தார், விவசாயத்துக்கென்றே தனி இலாகா வைத்தார்.

ஆனால் அந்தப் பஞ்சத்துக்கு முன்னால் என்ன நடந்தது? கங்கைக்கும் யமுனைக்கும் நடுவில் உள்ள தோஆப் பகுதியில் வரியை ஏற்றி, மழை பொய்த்த பிறகும் வசூலை விடாமல், உழவர்கள் வயலைக் கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் ஓட, அவர்களை வேட்டையாட ஆள் அனுப்பினார். வரி பத்து மடங்கா இருபது மடங்கா என்று பரணியின் வாக்கியத்தை வைத்து இன்றும் சண்டை நடக்கிறது, எத்தனை மடங்காக இருந்தாலும் ஊர்கள் அழிந்தன. இதுதான் அவருடைய பெரிய தோல்வி என்பேன், கடனும் இலாகாவும் அதற்குப் பிறகு வந்த வைத்தியம். இதை வைத்து யாரும் ஜோக் சொல்வதில்லை.

தண்டனைகள் பற்றியும் இப்படித்தான். கலகம் செய்த அத்தை மகன் குர்ஷாஸ்பைத் தோலுரித்தது போன்றவற்றை எதிரிகள் ஊதிப் பெருக்கினார்கள் என்று தள்ளிவிடலாமா? முடியாது. அவர்மீது பாசம் வைத்திருந்த பிரோஸ் ஷாவே, சுல்தானால் கொல்லப்பட்டவர்களின் வாரிசுகளிடமும் கைகால் இழந்தவர்களிடமும் பணம் கொடுத்து மன்னிப்புக் கடிதம் வாங்கி, ஒரு பெட்டியில் போட்டு சமாதியின் தலைமாட்டில் வைத்ததாகத் தன் குறிப்பில் சொல்கிறார். இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. தக்காணம் கைவிட்டுப் போனதும் தண்டனைக்குப் பயந்தவர்கள் கலகத்தில் இறங்கியதால்தான் பெருமளவு.

இமயமலைப் பக்கம் அனுப்பிய படையில் உயிரோடு திரும்பியவர்கள் பரணி கணக்கில் பத்துப் பேர், இபின் பதூதா கணக்கில் மூன்று பேர். படை அழிந்தது நிஜம், மற்றது சொல்பவர் கைவண்ணம்.

தந்தை இறந்த கதையும் அப்படியே. மரப்பந்தல் சரிந்து கியாசுதீன் இறந்தார், இடி விழுந்தது என்கிறார் பரணி. மகன்தான் பந்தலைச் சரியும்படி கட்டவைத்தான் என்பது பிறகு வந்த இபின் பதூதா கேட்ட கதை. கொலை என்று தீர்ப்பெழுத இது போதாது.

கடைசியாக, எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி: சுல்தான் மக்களிடமிருந்தும் மக்கள் சுல்தானிடமிருந்தும் விடுதலை பெற்றார்கள். நல்ல வரிதான், ஆனால் 1351இல் சிந்துவில் தத்தா அருகே காய்ச்சலில் அவர் இறந்தபோது பக்கத்தில் இருந்த யாரும் சொன்னதல்ல. அதை எழுதிய பதாவுனி அக்பர் காலத்து ஆள், பிறந்ததே 1540இல்.