காதுக்குத்தும் அன்ரிபயோட்டிக்கும்: அம்மா அப்பாமாருக்கு

தடிமனோடு ஓடித்திரிந்த பிள்ளை சாமத்தில் காதைப் பொத்திக்கொண்டு வீரிட்டு அழுகிறது. விடிய முதல் பஸ்ஸில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்து, வரிசையில் நின்று காட்டுகிறீர்கள். நான் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டுப் பனடோல் பாணி மட்டும் எழுதுகிறேன். "இதுக்கோ டொக்டர் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று போன கிழமை ஒரு அம்மம்மா நேரடியாகவே கேட்டா. அவவுக்குச் சொன்னதுதான் இது.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. பிள்ளைகளுக்கு அது கட்டை, சரிவும் குறைவு. தடிமன் வந்ததும் வீங்கி அடைபட, உள்ளே நீர் தேங்கிச் செவிப்பறையைத் தள்ளுகிறது. அதுதான் குத்து.

பல நேரம் இதற்குக் காரணம் வைரசு. அன்ரிபயோட்டிக் வைரசைக் கொல்லாது. பக்டீரியா என்றாலும் பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பே 2, 3 நாளில் அதை வென்றுவிடும். மருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும், 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 60 பேருக்கு ஒரு நாளிலேயே நோவு போய்விடுகிறது. அதனால் முதல் நாள் அழுகையை நிற்பாட்ட அன்ரிபயோட்டிக் உதவாது, பனடோல்தான் உதவும். அன்ரிபயோட்டிக்கால் வயிற்றோட்டம், வாந்தி, தோலில் தடிப்பு வருவதுமுண்டு. தேவையில்லாமல் கொடுத்துப் பழக்கினால் பிறகு நிமோனியா வரும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம்.

பனடோலை நிறைக்கு ஏற்ற அளவில், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். காய்ச்சலும் இருந்தால் இபுபுரூபன் கொடுக்காதீர்கள். டெங்கு என்றால் ஆபத்து. உள்ளி எண்ணெய், தாய்ப்பால் எதையும் காதுக்குள் விடவேண்டாம். தலையணை ஒன்று கூடுதலாக வைத்தால் பெரிய பிள்ளை கொஞ்சம் நித்திரை கொள்ளும்.

சிலருக்கு அன்றே அன்ரிபயோட்டிக் தருவேன்: 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தை, 2 வயதுக்குள் இரண்டு காதிலும் வருத்தம் உள்ள பிள்ளை, காதால் சீழ் வடியும் பிள்ளை, நல்லாய்ச் சோர்ந்த பிள்ளை. தந்தால் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். அண்ணாவுக்கு மிஞ்சிய போத்தலைத் தம்பிக்கு எடுக்காதீர்கள்.

தூரத்திலிருந்து வருபவர்களுக்குச் சில நேரம் அன்ரிபயோட்டிக் துண்டை எழுதிக் கையில் தந்துவிடுவேன். 2, 3 நாளில் குறையாவிட்டால், அல்லது கூடினால் மட்டும் பார்மசியில் எடுங்கள். குறைந்தால் துண்டைக் கிழித்தெறியலாம், எனக்குக் கோபமில்லை.

காதுக்குப் பின்னால் வீங்கிக் காது முன்னுக்குத் தள்ளினால், கழுத்து விறைத்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், பிள்ளை எழுப்பவும் எழும்பாமல் கிடந்தால் துண்டைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இரவென்றாலும் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.