முதல் ஷிஃப்ட்

மாலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது, உணவு டெலிவரி ஆப்பில் திரையின் மேலே இருந்த பட்டனைத் தள்ளினேன். சாம்பல் நிறம் பச்சையாக மாறியது. ஆன்லைன். வண்டியை மரத்தடியில் ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆர்டர் வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு சத்தம். திரை முழுக்க எழுத்து: கடையின் பெயர், ஒரு தூரம், அதன் கீழே இன்னொரு தூரம், கிடைக்கும் தொகை, சுற்றிலும் தேய்ந்துகொண்டே போகும் ஒரு வட்டம். எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்துவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் வட்டம் தீர்ந்துவிட்டது. ஆர்டரும் போய்விட்டது.

அடுத்தது வர இருபது நிமிடம் ஆனது. இந்த முறை கண்ணில் பட்டது ‘1.2 கி.மீ.’ மட்டும்தான். சட்டென்று ஸ்வைப் செய்தேன். வழியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அது கடையிலிருந்து வீட்டுக்கான தூரம். நான் நிற்கும் இடத்திலிருந்து கடைக்கே 4.6 கி.மீ. எடுத்தாகிவிட்டது, போயே ஆக வேண்டும்.

கடை வாசலில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கவுண்டரில் சொன்னேன், “அஞ்சு நிமிஷம்” என்றார்கள். அந்த அஞ்சு நிமிஷம் பன்னிரண்டாக இழுத்தது. ஆப்பில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது, எனக்குக் கை பரபரத்தது. ‘ஆர்டரை எடுத்துவிட்டேன்’ என்ற பட்டன் மேல் விரலை வைத்தேன்.

“தம்பி, தள்ளாத!”

பக்கத்தில் நின்ற அக்கா. முழங்கை வரை உறை, தோளில் பை, முகத்தில் அன்றைய வெயில் முழுக்க இருந்தது.

“பை கைக்கு வந்துச்சா?”

“இல்லக்கா. நேரம் ஓடுதே.”

“ஓடட்டும். இப்பத் தள்ளினா நீ கிளம்பிட்டன்னு கஸ்டமருக்குப் போயிடும். அப்புறம் கடை லேட் பண்ணாலும் உன் மேலதான் எழுதுவாங்க. நேத்துதான் சேர்ந்தியா?”

“இன்னைக்குக்கா.”

அவர் சிரிக்கவில்லை. ஃபோனைக் காட்டச் சொல்லி, ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தொட்டார். “பேரைப் பார்க்காத, இதைப் பாரு. பையில ஒட்டியிருக்கிற சீட்டுலயும் இதே இருக்கணும். எத்தனை பைன்னு கேளு, குடிக்கிறது தனிப் பையில இருக்கும், அதைத்தான் எல்லாரும் விட்டுட்டு வருவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி திரையைக் கீழ வரைக்கும் இழுத்துப் பாரு.”

அதற்குள் அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். நன்றிகூடச் சொல்லவில்லை, அது இன்னமும் உறுத்துகிறது.

என் பை வந்தது. சீட்டில் 7318, திரையிலும் 7318. “ஒண்ணுதானா?” என்று கேட்டேன். கவுண்டர் பையன் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு சின்னப் பையை நீட்டினான்.

ஆனால் கீழே இழுத்துப் பார்க்க மறந்துவிட்டேன். சேர வேண்டிய இடம் வந்துவிட்டதாக ஆப் சொன்னபோது, எதிரே ஆளுயர மதில் சுவர். கதவே இல்லை. ஒரு நாய் குரைத்தது. வண்டியை அணைத்து, தெருவிளக்கின் கீழ் நின்று, விரலால் திரையை மேலே தள்ளினேன். முகவரிக்கும் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: ‘மேப் பின்பக்கச் சுவருக்குக் கொண்டுவரும். வாசல் அடுத்த தெருவில். முதல் மாடி.’

யாரோ நமக்காக உட்கார்ந்து தட்டி வைத்த வரி. படிக்காமல் வந்து சுவரைப் பார்த்து நிற்கிறேன்.

அடுத்த தெருவில் கதவைத் திறந்தவர் வயதானவர். ஓடிபி கேட்டேன். கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். நான்கும் பொருந்தி டிக் விழுந்ததும், “சுவர்கிட்ட போகாம நேரா வந்துட்டீங்களே” என்றார். போய்விட்டுத்தான் வந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். “அப்ப தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று உள்ளே போய்ச் செம்போடு வந்தார்.

அதன் பிறகு மூன்று ஆர்டர். ஒலி கேட்டதும் கண் எங்கே போக வேண்டும் என்று பழகிவிட்டது: முதலில் கடைக்கு எவ்வளவு தூரம், பிறகு வீட்டுக்கு எவ்வளவு, இரண்டையும் கூட்டித் தொகையோடு ஒரு பார்வை. கடையின் பெயரை, ஆர்டரை எடுத்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

பத்தரை மணிக்கு மறுபடி ஒலித்தது. அன்றைக்கு வந்ததிலேயே பெரிய தொகை. கடை 2 கி.மீ., வீடு 9.3. திரையின் மூலையில் சார்ஜ் 11 சதவீதம். பவர் பேங்க் கொண்டுவரவில்லை. பாதி வழியில் ஃபோன் அணைந்தால் வழியும் இருக்காது, ஓடிபி போடவும் முடியாது, பசியோடு ஒருவர் காத்திருப்பார்.

வட்டம் தேய்ந்து முடியும் வரை விரலை எடுத்து வைத்திருந்தேன். பிறகு மேலே இருந்த பச்சைப் பட்டனைத் தள்ளிச் சாம்பலாக்கிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டினேன்.